நதி ஆவணப்படத்தின் முதல் இரண்டு நிமிடம்: வைகையில் தண்ணீர் வரும் நாளை வைத்து ஒரு செய்முறை

"வைகை ஆறு வருசநாட்டு மலைகளில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாக 258 கிலோமீட்டர் ஓடுகிறது." வைகையைப் பற்றி முதன்முதலாகப் படம் எடுப்பவர்களில் பாதிப் பேர் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள். திரையில் ட்ரோன் காட்சி ஓடும், பின்னால் புல்லாங்குழல் கேட்கும். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கேட்பவருக்கு 258 என்பது பெரிதா சிறிதா என்று தெரியாது. அது எதற்காகச் சொல்லப்படுகிறது என்றும் தெரியாது. அடுத்த வாக்கியம் வருவதற்குள் மறந்துவிடுவார்.

எண் என்பது ஒரு பதில். கேள்வி எழாத இடத்தில் பதிலைச் சொன்னால் நிற்காது. அந்தக் கேள்வியைப் பார்ப்பவர் மனதில் எழுப்புவதுதான் முதல் இரண்டு நிமிடத்தின் வேலை. அதையும் பேசிச் செய்யாமல், கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடுகிற பொருள்களை வைத்துச் செய்ய வேண்டும். எப்படி என்பதை வைகையின் ஒரு சிறு பகுதியை வைத்தே சொல்கிறேன்: ஆற்றின் குறுக்கே உள்ள பேரணை என்ற தடுப்பணைக்குக் கீழே, சோழவந்தானிலிருந்து மதுரை நகரம் வரை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்தப் படுகைக்கு, அணையில் திறந்துவிட்டால்தான் தண்ணீர் வரும். அந்த வருகையைத்தான் நாம் எடுக்கப் போகிறோம்.

முதலில் காகிதத்தில்: எண்ணிலிருந்து பின்னோக்கி

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதம் எடுத்து, படத்தில் நீங்கள் சொல்ல ஆசைப்படும் எண்களை எல்லாம் எழுதுங்கள். வைகைக்கு என்றால் பட்டியல் இப்படி வரும்: நீளம் 258 கிலோமீட்டர். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் உள்ள வைகை அணை திறக்கப்பட்ட ஆண்டு 1959, அதன் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. அணையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியே சுமார் 70 கிலோமீட்டர். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வரத் தொடங்கிய ஆண்டு 1895.

இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுதிப் பாருங்கள். 258க்கு எதிரே 'எவ்வளவு நீளம்' என்று எழுதுவீர்கள். ஆற்றங்கரையில் நிற்கும் எவருக்கும் அந்தக் கேள்வி வராது. 70க்கு எதிரே 'இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்று வரும். 1959க்கு எதிரே 'இதை யார், எப்போதிலிருந்து நிறுத்தி வைத்துத் திறக்கிறார்கள்' என்று வரும். இந்த இரண்டும் உயிருள்ள கேள்விகள். மேலே ஒரு மேகம்கூட இல்லாதபோது காய்ந்த மணலில் தண்ணீர் வந்தால் யாருக்கும் அவை எழும்.

ஆக முதல் எண் 70, இரண்டாவது 1959. 71 அடியும் 1895உம் பிறகு வரட்டும். 258 படத்துக்குள் வராமலே போனாலும் எனக்குக் கவலை இல்லை.

அடுத்து, கேள்வியைக் காட்டக்கூடிய பொருள்களைத் தேடுங்கள். இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். 'வறட்சி', 'ஏக்கம்', 'வாழ்வாதாரம்' என்றெல்லாம் குறிப்பு எழுதுவார்கள். இவை எதையும் கேமராவால் எடுக்க முடியாது. ஆற்றுக்குள் ஸ்டம்ப் நட்டு விளையாடும் பையன்கள், மணலில் விரித்துக் காயும் வேட்டிகள், மேய்ச்சல் ஆடுகள், தரைப்பாலத்துக் குழாய்க்குள் படுத்திருக்கும் நாய் என்று எழுதுங்கள். எழுதிய ஒவ்வொன்றையும் விரலால் சுட்டிக்காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

நாளும் இடமும்

வைகைக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்று, சித்திரைத் திருவிழாவுக்காகத் திறக்கும் தண்ணீர். சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் ஆற்றில் இறங்குவதற்காக, சில நாள் முன்னதாக அணையைத் திறப்பார்கள். தேதியை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம், படுகையும் நன்றாகக் காய்ந்திருக்கும். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அணை நிரம்பித் திறப்பது. அது எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது. அப்போது படுகை ஏற்கெனவே நனைந்திருக்கவும் கூடும். முதல் படம் எடுப்பவர் சித்திரையைப் பிடித்துக்கொள்வதுதான் நல்லது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அழகர் இறங்குவதை முதல் காட்சியாக வைக்காதீர்கள். லட்சக்கணக்கான மக்கள், தங்கக் குதிரை, தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் என்று திரை நிறைந்துவிடும். அது திருவிழாப் படமாகிவிடும், அப்புறம் ஆற்றின் பக்கம் பார்வையைத் திருப்புவது கஷ்டம். நமக்கு வேண்டியது அதற்குச் சில நாள் முன்பு, யாரும் பெரிதாகக் கவனிக்காதபோது மணலில் தண்ணீர் வந்து சேரும் அந்த வேளை.

இடம் மதுரை நகருக்குள் வேண்டாம். அங்கே சாக்கடை நீரும் ஆகாயத்தாமரையும் ஏற்கெனவே இருப்பதால், புதுத் தண்ணீர் வருவது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். சோழவந்தான் பக்கம் மணல் அகலமாக வெளியே தெரியும் இடம் ஒன்றைப் பாருங்கள். கரையில் தென்னையும் கொடிக்காலும் இருப்பதால் ஊரின் சத்தமும் கிடைக்கும்.

அணை திறக்கும் செய்தி மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பாக நாளிதழ்களில் வரும். திறந்த நேரம் தெரிந்தாலும், உங்கள் இடத்துக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. எத்தனை கன அடி திறந்தார்கள், மணல் எவ்வளவு காய்ந்து கிடக்கிறது, வழியில் எத்தனை குழி இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். மணல் குடித்ததுபோக மிச்சம்தான் கீழே வரும். பேரணையில் நீர்வளத்துறை ஊழியர்கள் இருப்பார்கள். இரண்டு வாரம் முன்பே நேரில் போய் அறிமுகம் செய்துகொண்டு, "அண்ணே, இங்கே தண்ணி தாண்டுனதும் ஒரு போன் பண்ணுவீங்களா" என்று கேட்டுவையுங்கள். இணையத்தில் கிடைக்கும் தகவலைவிட அந்த ஒரு போன் பெரிது.

காதை முதலில் அனுப்புங்கள்

படப்பிடிப்புக்குச் சில நாள் முன்பு கேமரா இல்லாமல் போங்கள். கையில் ஒரு ரெக்கார்டர், ஹெட்போன், மைக்குக்கு ரோம உறை. இவ்வளவு போதும். ஆற்றுப்படுகை திறந்த வெளி. உறை இல்லாமல் எடுத்தால், நீங்கள் காற்றாகவே உணராத சின்னக் காற்றுகூட ஒலிப்பதிவில் 'புஸ் புஸ்' என்று இடிக்கும். எடிட்டிங்கில் அதை முழுதாக நீக்கவும் முடியாது. ஹெட்போனைப் போடாமல் பதிவு செய்பவர்களுக்கு இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். அதிகபட்சச் சத்தம் மீட்டரில் மைனஸ் 12 பக்கம் நின்றால் பாதுகாப்பு. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், நீங்களும் அசையாமல், முழுதாக இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். இந்த ஆம்பியன்ஸ்தான் பின்னர் ஷாட்டுகளை ஒட்டும் பசை.

காய்ந்த ஆற்றில் என்ன சத்தம் இருக்கும் என்று கேட்பார்கள். நிறையவே இருக்கிறது. பதினோரு மணி மணலில் வெறுங்காலோடு நடப்பவர் சூடு தாங்காமல் வேகமாக எடுத்து வைக்கும் அடி. அதே மணலில் காலை ஆறு மணிக்கு நிதானமாக நடப்பவரின் அடி. ஆட்டுக் கழுத்து மணி, துவைக்கும் கல்லில் துணி அறையும் சத்தம், மட்டையில் டென்னிஸ் பந்து படும் 'டொக்'. மதுரைக்குள் வந்தால், தலைக்கு மேல் ரயில் பாலத்தில் வண்டி போகும்போது படுகைக்குள் கேட்கும் அதிர்வு.

தொல்லை தருபவை இரண்டு. ஒன்று ஹாரன். மதுரையில் வைகையைக் கடக்கும் ஏ.வி. பாலத்துக்குக் கீழே பகலில் எதைப் பதிவு செய்தாலும் ஹாரன்தான் மிஞ்சும். விடியற்காலை நாலரை மணிக்குப் போனால் பாலத்தின் மேல் போகும் ஒற்றை வண்டி தனியாகக் கேட்கும். அது ஒரு நகரம் இருப்பதைச் சொல்லவும் செய்யும், காதையும் அடைக்காது. இரண்டாவது, கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு. பின்னால் பாட்டு ஓடும்போது எடுத்த ஷாட்டை நடுவில் வெட்டினால் பாட்டும் துள்ளும், பார்ப்பவருக்கு வெட்டு தெரிந்துவிடும். உரிமைச் சிக்கலும் சேரும். சித்திரை மாதத்தில் இதைத் தவிர்ப்பது சுலபமில்லை, அதனால்தான் ஒலிப்பதிவை முன்னதாகவே முடித்துவைக்கச் சொல்கிறேன்.

காய்ந்த படுகையை எடுப்பது

தண்ணீர் வரும் காட்சிக்கு எடை கொடுப்பது அதற்கு முந்தைய மணல்தான். அதை அவசரமாக எடுத்தால் மொத்தமும் போச்சு.

காலை ஆறு முதல் எட்டு மணி வரை எடுங்கள். வெயில் பக்கவாட்டில் விழுவதால் மணலில் பதிந்த கால்தடம், டயர் தடம், ஆட்டுக் குளம்பு எல்லாம் நிழலோடு எழுந்து தெரியும். உச்சி வெயிலில் அதே மணல் வெள்ளைத் தாளாகிவிடும். போனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: சித்திரை வெயிலில் போன் சூடாகி நடுவிலேயே நின்றுவிடும்.

விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கரையோரக் கடைகளின் குழல் விளக்கு திரையில் துடிக்காமல் இருக்க இது உதவும். வெளிச்சம் அதிகமானால் ஷட்டரை ஏற்றாமல், லென்ஸ் முன் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போடுங்கள். ட்ரைபாடை முடிந்தவரை தாழ்த்தி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டும் அசையாமல் குறைந்தது முப்பது விநாடி ஓடட்டும். அரை நிமிடம் நின்று பார்த்தால்தான் ஆடு வந்து சட்டத்துக்குள் நுழையும், பந்து வந்து விழும்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். மேலிருந்து எடுத்த ஆறு வரைபடம் மாதிரிதான் இருக்கும். அது 'எங்கே' என்ற தகவலைச் சொல்லும், ஆனால் அதற்கென்று ஒரு சத்தம் கிடையாது. அதனால்தான் ட்ரோன் காட்சி வந்தாலே இசை தேவைப்படுகிறது. முதல் எண் சொல்லி முடிக்கும் வரை அது பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஆட்களை எடுக்கும்போது முதலிலேயே போய்ப் பேசிவிடுங்கள். ஆடு மேய்ப்பவர் பெரியவராக இருந்தால், "ஐயா, ஆத்துல தண்ணி வர்றதைப் படம் எடுக்க வந்திருக்கோம். நீங்க உங்க பாட்டுக்கு இருங்க, எங்களைப் பாக்க வேண்டாம்" என்றால் போதும். பையன்களிடம் இது எடுபடாது, கேமராவைப் பார்த்துக் கைகாட்டுவார்கள். கால் மணி நேரம் சும்மா கேமராவை நிறுத்தி வைத்திருங்கள். ஆட்டம் சூடுபிடித்ததும் உங்களை மறந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் முகம் தெரிகிறது என்றால் வீட்டாரிடமும் அனுமதி கேளுங்கள்.

தண்ணீர் வரும்போது

பெரிய அலை உருண்டு வரும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். திறந்தது குறைந்த அளவு என்றால், தண்ணீர் படுகையின் தாழ்வான பள்ளத்தைத் தேடி, பசுவின் நாக்கு மணலை நக்குவது போல மெல்ல நீளும். முகப்பில் அழுக்கு நுரை, சருகு, நெகிழிப் புட்டி, தேங்காய் மட்டை எல்லாம் சேர்ந்திருக்கும். ஒரு குழி வந்தால் அங்கே நின்று, அது நிரம்பும் வரை முன்னேறாது. நிரம்பியதும் மறுபக்கம் வழிந்து மீண்டும் நகரும்.

ஒரே கேமரா வைத்திருப்பவருக்கு இது வரம். ஒரு குழியில் தண்ணீர் நிற்கிற நேரத்தில் நீங்கள் கரை வழியே முன்னால் போய், அடுத்த இடத்தில் ட்ரைபாடை நட்டுக் காத்திருக்கலாம். அகன்ற ஷாட் ஓரிடத்தில், நெருக்கமான ஷாட் அடுத்த இடத்தில், கால்தடம் ஒன்றில் தண்ணீர் இறங்குவது அதற்கடுத்த இடத்தில். எல்லாம் அன்று வந்த அதே தண்ணீர்தான்.

இந்த முழு முயற்சியிலும் மிக அரிதான சரக்கு ஒன்று இருக்கிறது: ஈரம் படும்போது மணல் எழுப்பும் சத்தம். காய்ந்த மணலின் துகள்களுக்கு இடையே காற்று நிறைந்திருக்கும். தண்ணீர் உள்ளே இறங்கும்போது அந்தக் காற்று மேலே வரவேண்டும். சின்னச் சின்னக் குமிழாக வெளிவந்து உடையும். ஆயிரக்கணக்கான குமிழ்கள் ஒரே நேரத்தில் உடைவதால் 'சிர்ர்ர்' என்று ஓர் ஒலி எழும். மிகவும் சன்னமான சத்தம். நின்றுகொண்டு கேட்டால் பாதி தவறிவிடும். மைக்கை ஒரு குச்சியில் கட்டி, மணலிலிருந்து ஓரடி உயரத்தில், முகப்பு வரப்போகும் இடத்துக்கு மேலே நீட்டிப் பிடியுங்கள். ரெக்கார்டரில் தாழ்ந்த ஒலியை வெட்டும் வசதி இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். தூரத்து லாரி உறுமலும் காற்றின் இடியும் குறையும், குமிழ் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. பதிவின்போது "வந்துருச்சு வந்துருச்சு" என்று கூவுகிற நண்பரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

இந்த இடத்தில் ஸ்லோ மோஷன் போட ஆசை வரும். போட்டால் படம் மெதுவாகும், சத்தம் அதோடு ஒட்டாது. கடைசியில் இசை போட்டு மூட வேண்டியிருக்கும். நாம் எடுத்த ஒலியை நாமே குப்பையில் போட்டதாக ஆகும். சாதாரண வேகத்திலேயே எடுங்கள்.

தண்ணீர் இரவில் வந்து சேர்ந்தால்? விளக்குப் போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். கருந்திரையில் அந்த ஒலி, அடுத்த வெட்டில் விடிந்து நனைந்து கிடக்கும் ஆடுகளம். அதுவும் நல்ல தொடக்கம்தான்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் உயரம்தானே என்று படுகைக்கு நடுவில் நிற்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் தண்ணீர் நிரம்பிய பின் தெரியாது, ஆழமும் தெரியாது. திறப்பின் அளவை மேலே கூட்டினால் உங்களுக்கு யாரும் வந்து சொல்லப் போவதில்லை. எப்போதும் கரை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மேல்புறத்தில் ஒருவர் போனோடு நிற்கட்டும். தரைப்பாலத்தின் மேல் ட்ரைபாட் வைக்கவே வைக்காதீர்கள்.

அடுக்கும் முறை

எடிட்டிங்கில் முதலில் ஒலியை மட்டும் டைம்லைனில் போடுங்கள். படத்தை மறைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்டால் காய்ந்த ஆறு ஈர ஆறாக மாறுவது புரிய வேண்டும். அதன் பிறகு படம். நான் அடுக்கினால் இப்படி இருக்கும்:

கருந்திரை, ஆறு விநாடி. மணலில் வேகமான வெறுங்கால் அடிகள் மட்டும். பிறகு அந்தக் கால்கள், நெருக்கத்தில், பன்னிரண்டு விநாடி. ஆட்டு மணி உள்ளே வருகிறது. அகன்ற ஷாட்: ஆறு முழுக்க மணல், மூலையில் கிரிக்கெட், இருபது விநாடி. இங்கேதான் பார்ப்பவருக்கு இது மைதானமா, ஆறா என்ற சந்தேகம் வரவேண்டும். அதனால் பாலமோ படித்துறையோ ஓரத்தில் கொஞ்சமாவது தெரியட்டும். அடுத்து ஸ்டம்ப், பந்து, காயும் வேட்டி என மூன்று சின்ன ஷாட்டுகள், சேர்த்து இருபது விநாடி.

இப்போது குமிழ் ஒலியை மிகச் சன்னமாக, கிரிக்கெட் சத்தத்துக்கு அடியில் தொடங்குங்கள். காரணம் திரையில் இன்னும் இல்லை. காதுக்குத் தெரிந்த எட்டு விநாடி கழித்துத்தான் கண்ணுக்குக் காட்ட வேண்டும்: மணலில் நகரும் நுரை, இருபத்தைந்து விநாடி, வெட்டே இல்லாமல். பிறகு கால்தடம் ஒன்று நிரம்பி மறைகிறது, பத்து விநாடி. மறுபடி அகன்ற ஷாட்: பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கரையேறுகிறார்கள், இருபது விநாடி. கடைசியாக மதுரை, ஏ.வி. பாலத்தின் தூண்களுக்கு நடுவே வந்து சேர்ந்த தண்ணீர், பாலத்தின் மேல் நகரத்தின் இரைச்சல்.

பையன்கள் கரையேறும் ஷாட் கிடைக்கவில்லை என்றால் அவர்களைத் திரும்ப நடிக்கச் சொல்லாதீர்கள். அடையாளமாக ஒரு வெறும் ஸ்டம்பைச் சுற்றித் தண்ணீர் நின்றாலும் போதும்.

முதல் எண்

மதுரைப் பாலத்து ஷாட் வந்து ஐந்தாறு விநாடி ஆன பிறகு குரல் நுழையலாம்: "இந்தத் தண்ணீர் புறப்பட்ட இடம் இங்கிருந்து சாலை வழியே சுமார் 70 கிலோமீட்டர். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் ஓர் அணையில் மதகைத் தூக்கினார்கள். 1959இலிருந்து வைகையில் எப்போது தண்ணீர் ஓட வேண்டும் என்பதை அங்கேதான் முடிவு செய்கிறார்கள்."

அதோடு நிறுத்துங்கள். ஒரு மூச்சில் இரண்டு எண்ணுக்கு மேல் வேண்டாம். 71 அடி என்பது அணையின் சுவரும் அளவுகோலும் திரையில் தெரியும்போது வரட்டும். 1895 இன்னும் பொறுக்க வேண்டும். மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றுத் தண்ணீரை மலைக்குள் திருப்பிக் கிழக்கே கொண்டுவந்தார்கள் என்பது தனியாக ஒரு தொடக்கத்துக்கே தாங்கும் செய்தி. சுரங்க வாயில் தண்ணீர் எழுப்பும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அந்த ஆண்டைச் சொல்லலாம்.

சைரனைப் பற்றியும் பேசிவிடலாம். அணையின் நீர்மட்டம் 66, 68.5, 69 அடியைத் தொடும்போது படிப்படியாக வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள், சைரனும் ஒலிக்கும். அருமையான ஒலி அது. அதை எடுத்து இந்தச் சித்திரைக் காட்சிக்கு முன்னால் ஒட்டினால் விறுவிறுப்பு கூடும் என்று எந்த எடிட்டருக்கும் தோன்றும். செய்யக்கூடாது. சித்திரைத் திறப்புக்கும் அந்தச் சைரனுக்கும் சம்பந்தமில்லை. சோழவந்தானில் நிற்பவருக்கு அது கேட்கவும் செய்யாது. வேறொரு நாளின், வேறோர் இடத்தின் ஒலியை இங்கே வைத்தால், அந்தப் பகுதியை அறிந்த ஒருவர் பார்த்த உடனே உங்கள் எண்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். அதே ஆற்றில் முந்தைய வாரம் பதிவு செய்த ஆட்டு மணியை இன்றைய ஆட்டுக்கு வைப்பது வேறு. அது நடந்ததை மாற்றிச் சொல்லவில்லை. சைரனைப் பருவமழைப் பகுதிக்கு எடுத்து வையுங்கள்.

ஆள் வைத்துப் பார்ப்பது

குரல் நுழைவதற்கு முன் வரை உள்ள பகுதியை மட்டும் தனியாக எடுத்து, வைகையை நேரில் பார்க்காத நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். மதுரைக்காரர்கள் வேண்டாம், அவர்களுக்கு எல்லாமே ஏற்கெனவே தெரியும். நிறுத்தியதும் "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இப்ப உங்களுக்கு என்ன தெரியணும்னு தோணுது?" என்று கேளுங்கள்.

"தண்ணி எங்கிருந்து வந்தது", "யார் திறந்தது" என்று கேட்டால் உங்கள் முதல் எண் சரியான இடத்தில் இருக்கிறது. "பசங்க திரும்ப எங்கே விளையாடுவாங்க" என்று கேட்டால், கிரிக்கெட் ஷாட்டுகள் அதிகமாகிவிட்டன, குறையுங்கள். "இது எந்த ஊர்" என்று கேட்டால் அகன்ற ஷாட்டில் இடம் தெளிவாகவில்லை என்று பொருள். "மழை பெய்ததா" என்று கேட்டால் வானத்தைக் காட்டவில்லை. வெயிலும் நிழலும் தெரியும் ஒரு ஷாட்டை நுரைக்கு முன்னால் சேர்க்க வேண்டும். ஒன்றுமே கேட்காமல் போனைப் பார்த்தால் பெரும்பாலும் முதல் அகன்ற ஷாட் நீளம்.

கடைசியாக ஒலிக் கலவை. நீங்கள் ஹெட்போனில் கேட்டு மகிழ்ந்த குமிழ் ஒலி, போன் ஸ்பீக்கரில் பார்ப்பவருக்குக் கேட்காமலே போகலாம். உங்கள் படத்தைப் பலரும் அப்படித்தான் பார்க்கப் போகிறார்கள். எனவே சாதாரண போன் ஒன்றில், மின்விசிறி ஓடும் அறையில் வைத்துக் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் குமிழின் சத்தத்தை ஏற்றுவதற்கு முன், அதற்கு மேலே இருக்கும் கிரிக்கெட்டையும் ஹாரனையும் இறக்குங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் நுரை தெரியும் ஷாட்டில் மற்ற எல்லா ஒலியையும் நான்கு விநாடிக்கு முழுதாக நிறுத்திவிட்டு, குமிழை மட்டும் விடுங்கள்.